ஆறு துண்டுக் காகிதம்
சண்டை போட்ட பிள்ளைகளை ஒன்றாக்கிய பாடம்!

அவன் பெயர் கார்லோஸ். ஐந்தாம் வகுப்பு மாணவன். மெக்சிகோ வம்சத்துக் குடும்பத்துப் பையன்.

வீட்டில் அவன் பேசியது ஸ்பானிய மொழி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்தது ஆங்கிலத்தில். அவனுக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் பேசும்போது தடுமாறுவான். தடுமாறினால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆகவே அவன் பேசுவதையே விட்டுவிட்டான். வகுப்பில் வாய் திறப்பதே இல்லை.

ஆசிரியை நல்லவர். முதலில் அவனிடமும் கேள்வி கேட்டார். அவன் திணறினான். பிள்ளைகள் கேலி செய்தார்கள். "பாவம், இவனை ஏன் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்த வேண்டும்?" என்று நினைத்து, கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்.

அவன் பேசமாட்டான், அவர் கேட்கமாட்டார். இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் இது!

அவர் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தார். ஆனால் நடந்தது என்ன? "கார்லோஸ் ஒரு மக்கு. அதனால்தான் ஆசிரியைகூட அவனைக் கேட்பதில்லை" என்று வகுப்பு முழுவதும் முடிவு கட்டிவிட்டது. அவனும் அதையே நம்பத் தொடங்கிவிட்டான்.

அந்தப் பையனைப் பேசவைத்த பாடமுறை ஒன்று உண்டு. அதன் கதைதான் இது.

கலவரம் நடந்த ஊர்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தின் தலைநகர் ஆஸ்டின். 1971ஆம் ஆண்டு அங்கே பள்ளிக்கூடங்களில் ஒரே கொந்தளிப்பு.

அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு பக்கம், கறுப்பினப் பிள்ளைகள் ஒரு பக்கம், மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பெரும்பாலும் தனித்தனியே இருந்து வந்தார்கள். நிறத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டே தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆஸ்டின் நகரத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் பெருவாரியாகக் கலந்து உட்கார 1971 வரை ஆயிற்று.

கலந்து உட்கார்ந்தார்கள். ஆனால் சேர்ந்து பழகவில்லை. சில வாரங்களுக்குள் நடைகூடத்திலும் விளையாட்டு மைதானத்திலும் அடிதடி மூண்டது.

பள்ளி அதிகாரிகள் கையைப் பிசைந்தார்கள். அந்த ஊரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் எலியட் அரான்சன். அவரை அழைத்தார்கள். "எப்படியாவது இந்தச் சண்டையை நிறுத்த வழி சொல்லுங்கள்" என்று கேட்டார்கள்.

அரான்சன் உடனே யோசனை எதுவும் சொல்லவில்லை. தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனார். பின்னால் உட்கார்ந்தார். பல நாள் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் கண்டது என்ன?

ஆசிரியை ஒரு கேள்வி கேட்கிறார். ஆறேழு பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள். "என்னைக் கேளுங்கள், என்னைக் கேளுங்கள்" என்று துள்ளுகிறார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆசிரியையின் கண் தம்மீது பட்டுவிடக் கூடாதே என்று பயம்!

ஆசிரியை ஒருவனைக் கூப்பிடுகிறார். கை தூக்கிய மற்றவர்கள் முகம் வாடிப்போகிறது. அவன் சரியாகச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு வருத்தம். தப்பாகச் சொன்னால் சந்தோஷம். உடனே மறுபடி கைகள் உயருகின்றன!

அரான்சனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வகுப்பில் ஒருவன் வெற்றி மற்றவனுக்குத் தோல்வி. அடுத்தவன் தடுக்கி விழவேண்டும் என்று ஒவ்வொருவனும் காத்திருக்கிறான். ஏற்கனவே ஒருவரையொருவர் சந்தேகிக்கும் பிள்ளைகளை இப்படிப் போட்டியில் நிறுத்தினால் பகை வளருமே தவிரக் குறையாது.

"சண்டை போடாதே" என்று புத்தி சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா? மாட்டார்கள். ஒருவன் தயவு இல்லாமல் மற்றவன் பாஸ் பண்ண முடியாது என்கிற நிலையை உண்டாக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

துண்டுப் பட விளையாட்டு

ஒரு படத்தை அட்டையில் ஒட்டி, கோணல்மாணலாகப் பல துண்டாக வெட்டியிருப்பார்கள். துண்டுகளைச் சரியாகப் பொருத்தினால் முழுப் படம் வரும். ஒரு துண்டு காணாமல் போனாலும் படத்தில் ஓட்டை விழுந்துவிடும். குழந்தைகள் விளையாடும் இந்தப் படத்துக்கு ஆங்கிலத்தில் ஜிக்சா என்று பெயர்.

அரான்சன் பாடத்தையே அப்படித் துண்டு போட்டார்! ஜிக்சா வகுப்பு என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

அந்த ஐந்தாம் வகுப்பில் புகழ்பெற்ற அமெரிக்கர்களின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து வந்தார்கள். அடுத்த பாடம் ஜோசப் புலிட்சர். பத்திரிகை உலகத்தில் பெரும் புள்ளி. இன்றும் அவர் பெயரால் புலிட்சர் பரிசு வழங்குகிறார்கள்.

அவருடைய வாழ்க்கையை ஆறு பத்தியில் எழுதி, நகல் எடுத்து, ஒவ்வொரு நகலையும் ஆறு துண்டாக வெட்டினார்கள். வகுப்பை ஆறு ஆறு பிள்ளைகள் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். அவ்வளவுதான்! மற்ற ஐந்து துண்டில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

ஆனால் கடைசியில் பரீட்சை முழுப் பாடத்திலும் வரும். ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதவேண்டும். மற்ற ஐந்து பங்கையும் அவன் எங்கே போய்க் கற்பது? தன் குழுவில் உள்ள ஐந்து பேரிடம்தான் கேட்கவேண்டும்! வேறு வழி கிடையாது.

வீட்டுக் குழு, நிபுணர் குழு

இந்த முறையில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு குழுவில் சேர்ந்திருப்பான். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் ஆறு ஆறு பேராக ஐந்து குழு. இதற்கு வீட்டுக் குழு என்று பெயர். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுக்க வேண்டும். ஒன்றாம் எண்ணுக்கு முதல் துண்டு, இரண்டாம் எண்ணுக்கு இரண்டாம் துண்டு. இப்படியே ஆறு வரை.

புலிட்சர் கதையை இப்படிப் பங்கு போடலாம்:

முதல் துண்டு: அவர் குடும்பம். 1847இல் ஹங்கேரி நாட்டில் மாக்கோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி.

இரண்டாம் துண்டு: அவர் பிள்ளைப் பருவம். பெஸ்ட் நகரில் வளர்ந்தது; தந்தையை இழந்தது.

மூன்றாம் துண்டு: வாலிபப் பருவம். 1864இல் அமெரிக்காவுக்கு வந்தது, பட்ட கஷ்டங்கள், பத்திரிகை நிருபர் ஆனது.

நான்காம் துண்டு: செயின்ட் லூயிஸ் நகரில் 1878இல் ஏலத்தில் ஒரு பத்திரிகையை வாங்கி, சொந்தக் காலில் நின்றது.

ஐந்தாம் துண்டு: 1883இல் நியூயார்க்கில் "வேர்ல்டு" பத்திரிகையை வாங்கியது. சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் இல்லை என்றபோது, பத்திரிகையில் எழுதி, ஏழை எளியவர்களிடம் சில்லறைக் காசாகவே ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது.

ஆறாம் துண்டு: கண் பார்வை போனது, 1911இல் இறந்தது, அவர் விட்டுச் சென்ற பணத்தில் 1917 முதல் பரிசு வழங்கத் தொடங்கியது.

துண்டு கைக்கு வந்ததும் ஒவ்வொருவனும் தன் பங்கை இரண்டு முறையாவது படிக்கவேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டாம். விஷயம் மனதில் நின்றால் போதும்.

பிறகு எல்லோரும் வீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டும். மூன்றாம் எண் பெற்ற ஐந்து பேரும் ஒரு மூலையில் கூடுவார்கள். நான்காம் எண்காரர்கள் இன்னொரு மூலையில். இப்படி ஐந்து ஐந்து பேராக ஆறு குழு உண்டாகும். இதுதான் நிபுணர் குழு. ஒரே துண்டைப் படித்தவர்கள் ஒன்றுகூடி அதில் கைதேர்ந்தவர்கள் ஆவதால் இந்தப் பெயர்.

ஒத்திகை நடக்கும் இடம்

மூன்றாம் எண் நிபுணர்கள் கூடும் மூலைக்கு நாமும் போய்ப் பார்ப்போம். அவர்கள் கையில் உள்ள கதை இது:

புலிட்சர் வாலிபத்தில் ராணுவத்தில் சேர ஆசைப்பட்டார். கண் பார்வை மங்கல், உடம்பும் நோஞ்சான். ஐரோப்பாவில் எந்த ராணுவமும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம். வடபகுதிப் படைக்கு ஆள் பிடித்தார்கள். அதில் சேர்ந்து கப்பல் ஏறினார். யுத்தம் முடிந்ததும் வேலை இல்லை. செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய்க் கோவேறு கழுதை மேய்த்தார், ஓட்டலில் பரிமாறினார். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஓய்வு நேரத்தில் நூல் நிலையத்தில் உட்கார்ந்து படித்தார். 1868இல் ஜெர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றில் நிருபர் ஆனார்.

இதைப் படித்துவிட்டு வந்த ஐந்து பேரும் மூன்று வேலை செய்யவேண்டும்.

முதல் வேலை, புரிந்ததைச் சரிபார்ப்பது. "புலிட்சர் நிருபராகத்தான் அமெரிக்கா வந்தார்" என்று ஒருவன் சொல்லக்கூடும். "இல்லை, சிப்பாயாக வந்தார், நிருபர் ஆனது நாலு வருஷம் கழித்து" என்று இன்னொருவன் காகிதத்தைக் காட்டித் திருத்துவான்.

இரண்டாவது வேலை, எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பது. ஏன் வந்தார், வந்து என்ன கஷ்டப்பட்டார், எப்படி ஆங்கிலம் கற்றார், எப்படி நிருபர் ஆனார் என்று நாலு தலைப்பை முடிவு செய்துகொள்வார்கள்.

மூன்றாவது வேலைதான் மிக முக்கியம்: ஒத்திகை. ஒவ்வொருவனும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். மற்ற நாலு பேரும் கேட்டு, விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பார்கள். "வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வாய்?" என்று கேட்டும் பார்ப்பார்கள்.

கார்லோஸ் மாதிரிப் பிள்ளைக்கு இந்த மூலை ஒரு பெரிய பாதுகாப்பு. அவன் தன் வீட்டுக் குழுவுக்கு முன்னால் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு முறை பேசியாகிவிட்டது. வாக்கியம் தயார். தெரியாத சொல்லுக்கு உச்சரிப்பும் கேட்டுக்கொண்டாகிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனும் கெட்டிக்காரப் பையனும் ஒரே சரக்கோடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

வீடு திரும்பியதும்

நிபுணர்கள் அவரவர் வீட்டுக் குழுவுக்கு வந்து உட்காருவார்கள். முதல் துண்டுக்காரன் தொடங்குவான். வரிசையாக ஆறு பேரும் தங்கள் பங்கைச் சொல்லித்தருவார்கள். காகிதத்தைப் பார்த்து அப்படியே வாசிக்கக் கூடாது. கேட்பவர்கள் குறித்துக்கொள்ளலாம், சந்தேகம் கேட்கலாம்.

ஆளுக்கு நாலு நிமிஷம் என்றால் ஆறு பேருக்கு இருபத்துநாலு நிமிஷம். படிக்கப் பத்து நிமிஷம், நிபுணர் குழுவுக்குப் பதினைந்து நிமிஷம், கடைசியில் பரீட்சைக்குப் பத்து நிமிஷம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும்.

"பரீட்சை வந்துகொண்டிருக்கிறது!"

அன்றைக்கு ஆஸ்டின் வகுப்பில் என்ன நடந்தது? அரான்சன் தமது நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். கார்லோஸ் என்பது அவர் இட்ட பெயர்.

கார்லோஸின் முறை வந்தது. புலிட்சரின் வாலிபப் பருவத்தை அவன் சொல்லவேண்டும். அவனுக்கு விஷயம் தெரியும். ஆனால் நாக்கு எழவில்லை. ஒரு வார்த்தை சொன்னான், நிறுத்தினான். கையைப் பிசைந்தான், நெளிந்தான்.

பிள்ளைகள் பழைய வழக்கத்தை விடுவார்களா? "உனக்கு ஒன்றும் தெரியாது. நீ ஒரு மக்கு, முட்டாள்!" என்று ஒரு சிறுமி கத்தினாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அரான்சனின் உதவியாளர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் அதட்டவில்லை. "இது தப்பு, மன்னிப்புக் கேள்" என்று சொல்லவில்லை. அமைதியாக ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகப்படுத்தினார். கேலி செய்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் புலிட்சரின் வாலிபப் பருவத்தைத் தெரிந்துகொள்ள அது உதவாது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பரீட்சை என்றார். சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

பிள்ளைகள் யோசித்தார்கள். அந்தத் துண்டு கார்லோஸிடம் மட்டும்தான் இருக்கிறது! அவனைத் துரத்தினால் நஷ்டம் யாருக்கு?

ஒரே நாளில் அவர்கள் மாறிவிடவில்லை. சில நாள் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். கார்லோஸைப் பேசவைக்க வேண்டுமானால் சரியான கேள்வி கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, அவன் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பத்திரிகை நிருபர்கள் பேட்டி காண்பதுபோல் அவர்கள் கேள்வி கேட்டார்கள். அவன் பதில் சொன்னான். சொல்லச் சொல்லப் பயம் விலகியது. பயம் விலக விலக ஆங்கிலமும் சீரானது.

"அட! நாம் நினைத்த மாதிரி இவன் மக்கு இல்லையே!" என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். அவனை அவர்களுக்குப் பிடிக்கத் தொடங்கியது. தன்னைச் சித்திரவதை செய்தவர்களாக அவன் நினைத்த பிள்ளைகள் இப்போது நண்பர்களாகத் தெரிந்தார்கள்.

கணக்கு என்ன சொல்லிற்று?

ஒரு பையன் கதையை மட்டும் வைத்துக்கொண்டு அரான்சன் குழுவினர் திருப்தி அடையவில்லை. துண்டுப் பாடம் நடந்த வகுப்புகளையும் பழைய மாதிரிப் பாடம் நடந்த வகுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

சில வாரங்களுக்குப் பின் துண்டுப் பாட வகுப்புப் பிள்ளைகள் தங்கள் குழுவினரை முன்னைவிட அதிகம் விரும்பினார்கள். வெள்ளை, கறுப்பு என்ற பேதம் அதில் குறுக்கே வரவில்லை. தங்களைப் பற்றிய தாழ்வு எண்ணமும் குறைந்தது. கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகளும் பரீட்சையில் கூடுதல் மார்க் வாங்கினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் மார்க் குறையவில்லை.

நாள் முழுவதும் இப்படிப் பாடம் நடத்தவில்லை. தினம் சுமார் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரம் வழக்கமான வகுப்பே.

எங்கே கெட்டுப்போகும்?

காகிதத்தை வெட்டிக் கொடுத்தால் மட்டும் காரியம் நடந்துவிடாது. கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, குழுவைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக்கொள்வது. அப்படி விட்டால் சிநேகிதர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். ஒதுக்கப்பட்டவன் ஒதுக்கப்பட்டவனாகவே நிற்பான். ஆகவே ஆசிரியர்தான் பிரிக்கவேண்டும். நன்றாகப் படிப்பவன், சுமாராகப் படிப்பவன், ஆண், பெண், பல சமூகத்தார் எல்லோரும் ஒவ்வொரு வீட்டிலும் கலந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பாடத்தைத் தப்பாக வெட்டுவது. ஒவ்வொரு துண்டும் தனியாகப் படித்தாலே விளங்கவேண்டும். புலிட்சரின் வாழ்க்கையை அப்படி வெட்டலாம். ஆனால் ஒரு கணக்கின் முதல் படி தெரியாமல் இரண்டாம் படி விளங்காது. அதைத் துண்டு போட்டால் முதல் துண்டுக்காரன் மட்டும் புரிந்துகொள்வான்; மற்ற ஐந்து பேரும் விழிப்பார்கள்.

மூன்றாவது, தப்பு பரவுவது. இதுதான் பெரிய ஆபத்து. ஒரு நிபுணர் குழு தப்பாகப் புரிந்துகொண்டால் அந்தத் தப்பு ஐந்து வீட்டுக்கும் போய்ச் சேரும். ஆகவே நிபுணர் குழு நடக்கும்போது ஆசிரியர் நாற்காலியில் உட்காரக் கூடாது. மூலைக்கு மூலை போய்க் காதுகொடுத்துக் கேட்கவேண்டும்.

நான்காவது, ஒருவனே எல்லாவற்றையும் பேசிவிடுவது. வாயாடிப் பையன் மற்றவன் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். இதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலைவனை வைப்பார்கள். எல்லோருக்கும் முறை கிடைக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. நாள்தோறும் தலைவன் மாறுவான். வாயாடியின் முறையும் வரும். எல்லோரையும் பேசவிட்டால்தான் குழுவுக்கு மார்க் என்பது அப்போது அவனுக்கே புரிந்துவிடும்.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது? இரண்டு வீட்டில் ஏழு ஏழு பேர் இருப்பார்கள். அங்கே ஒரு துண்டை இருவருக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். அடிக்கடி லீவு போடும் பிள்ளைக்கும் இப்படி ஒரு ஜோடி சேர்ப்பது நல்லது. அவன் வராத நாளில் வீட்டுக்கு ஒரு துண்டு குறையாது.

பாடம் சரியாக நடந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பரீட்சைத் தாளைப் பாருங்கள். மூன்றாம் துண்டுக்காரர்கள் எல்லோரும் மூன்றாம் கேள்விக்கு மட்டும் நன்றாக எழுதி, மற்றவற்றைக் கோட்டைவிட்டிருந்தால், நிபுணர் குழு நன்றாக நடந்திருக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுத்தது சரியில்லை என்று அர்த்தம். நாலாம் கேள்விக்கு மட்டும் வகுப்பு முழுவதுமே தப்பாக எழுதியிருந்தால், நாலாம் எண் நிபுணர் மூலையில்தான் கோளாறு.

எல்லா நோய்க்கும் மருந்து அல்ல

இந்த முறை பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பிரான்ஸ் தேசத்தில் பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் ஐந்து சோதனைகள் நடத்தி, முடிவை 2022ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். துண்டுப் பாடத்தால் பிள்ளைகள் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகக் கற்றதாக அவற்றில் தெரியவில்லை.

காரணம் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. தன் துண்டை ஒரு பிள்ளை தானே படிக்கிறான், கூடிப் பேசுகிறான், சொல்லியும் கொடுக்கிறான். அது மனதில் நன்றாகப் பதிந்துவிடும். மற்ற துண்டுகளை அவன் காதால் கேட்பது மட்டும்தான். சொல்லிக்கொடுப்பவனும் தன்னைப் போன்ற ஒரு சிறுவன்தான்.

இதற்குப் பரிகாரமாக, அமெரிக்காவில் ராபர்ட் ஸ்லேவின் என்ற கல்வி ஆராய்ச்சியாளர் ஒரு மாற்றம் செய்தார். முழுப் பாடத்தையும் எல்லோரும் முதலில் படித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவனும் ஒரு பகுதியில் மட்டும் நிபுணன் ஆகவேண்டும். இதில் விஷயம் விட்டுப்போகாது. ஆனால் ஒன்று குறையும். கார்லோஸின் காகிதம் கார்லோஸிடம் மட்டுமே இருந்ததால்தானே மற்ற பிள்ளைகள் அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள்? எல்லோர் கையிலும் புத்தகம் இருந்தால் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிடும்.

பாடம் முழுமையாகப் பதியவேண்டுமா, பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடவேண்டுமா? அன்றைய வகுப்புக்கு எது அதிகம் தேவை என்று பார்த்து ஆசிரியர்தான் முடிவு செய்யவேண்டும். அரான்சன் இதைக் கண்டுபிடித்தது மார்க் வாங்கித்தர அல்ல, அடிதடியை நிறுத்த!

தபாலில் வந்த கடிதம்

ஆண்டுகள் பல சென்றன. ஒரு நாள் அரான்சனுக்கு ஒரு கடிதம் வந்தது.

எழுதியவன் ஒரு பல்கலைக்கழக மாணவன். படிப்பு முடியும் தறுவாயில் இருந்தான். அரான்சனின் புத்தகத்தைப் பாடத்துக்காகப் படித்தபோது, அதில் வரும் கார்லோஸ் தான்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாம்!

பள்ளிக்கூடம் என்றாலே அந்த நாளில் தனக்கு வெறுப்பு; தான் ஒரு முட்டாள், ஒன்றும் தெரியாதவன் என்றே நினைத்திருந்தேன் என்று அவன் எழுதியிருந்தான். குழுவாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தனக்கும் மூளை இருக்கிறது என்று தெரிந்ததாம். கொடுமைக்காரர்கள் என்று நினைத்த பிள்ளைகள் சிநேகிதர்கள் ஆனார்களாம்.

எதற்காக இப்போது எழுதினான்? அவனுக்கு அன்றைக்கு இன்னொரு கடிதம் வந்திருந்தது. அமெரிக்காவின் பெயர்பெற்ற ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது.

நாலு பிள்ளைகள் முன்னால் நாலு வார்த்தை பேச நாக்கு எழாமல் நெளிந்த பையன், கோர்ட்டில் நின்று வாதாடும் படிப்புக்குப் புறப்பட்டுவிட்டான்!